‘லாபத்தில் பத்து சதவீதம்’: கெஸ்ட் ஹவுஸ் ஒப்பந்தத்தின் கட்டணப் பிரிவைப் பார்த்துச் சொல்வது எப்படி

ஆறு அறைகள் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸின் உரிமையாளர் அம்மாவுக்கு ஒப்பந்தம் படித்துச் சொல்லப் போயிருந்தேன். அந்த வேலையில் எனக்கு அது இரண்டாம் வருடம். வீட்டை அவர் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து நடத்தச் சொல்லப் போகிறார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கட்டணப் பிரிவு வந்தபோது, “மாதாமாதம் லாபத்தில் பத்து சதவீதம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தம்பி, லாபம்னா பேங்க் வட்டி எல்லாம் கட்டினது போக மிச்சம் நிக்கிறதுதானே?”

இல்லை. தாளில் இருந்தது வேறு லாபம். வட்டி, வீட்டு வரி, இன்சூரன்ஸ் எதையும் கழிப்பதற்கு முன்பு வரும் லாபம் அது. நான் ‘லாபம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்ததால், கேட்பவர் தனக்குத் தெரிந்த லாபத்தை அதில் நிரப்பிக்கொண்டார். அவர் மட்டும் கேட்காமல் விட்டிருந்தால், என் வாயிலிருந்து வந்த தவறான ஒப்பந்தத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்திலேயே வேறு மொழியில் வாய்விட்டுச் சொல்வதுதான் பார்வை மொழிபெயர்ப்பு. தொழிலில் இருப்பவர்கள் சைட் டிரான்ஸ்லேஷன் என்றே சொல்கிறோம். மேலாண்மை ஒப்பந்தத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் கட்டணப் பிரிவு. அதனால் அந்த ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, தாள் கைக்கு வருவதிலிருந்து கையெழுத்து வரை என்ன செய்வது என்று சொல்கிறேன்.

போவதற்கு முன்பு

வேலையை ஒத்துக்கொள்ளும்போதே இரண்டு பகுதிகளின் நகலைக் கேளுங்கள்: கட்டணப் பிரிவு, வரையறைகள் உள்ள பிரிவு. முழு ஒப்பந்தத்தையும் முன்கூட்டியே தரத் தயங்குவார்கள். இந்த நாலைந்து பக்கம் என்றால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அதுவும் முடியாது என்றால், மேசையில் உட்கார்ந்ததும், “பதினைந்து நிமிடம் மௌனமாகப் படித்துக்கொள்கிறேன்” என்று சொல்லி அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. படிக்காமல் வாயைத் திறப்பதுதான் கூச்சப்பட வேண்டிய விஷயம்.

முப்பது, நாற்பது பக்க ஒப்பந்தத்தை ஒரே அமர்வில் முழுக்க வாயால் சொல்லச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் சேர்ந்தே கவனம் போய்விடும். எந்தெந்தப் பிரிவுகளை வாயால் சொல்வது, மீதியை எழுத்தில் மொழிபெயர்க்க யாரிடம் கொடுப்பது என்று முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

முதலில் பெயர்களைச் சரி செய்வது

ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் ‘ஓனர்’, இன்னொரு பக்கம் ‘மேனேஜர்’ என்று இருக்கும். இதில் ஒரு பொறி இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் உரிமையாளருக்கு மேனேஜர் என்றால் முன்மேசையில் உட்கார்ந்து சாவி கொடுப்பவர், தன்னிடம் சம்பளம் வாங்குபவர். ஒப்பந்தத்தின் மேனேஜரோ வீட்டை நடத்த வரும் நிறுவனம். நீங்கள் அப்படியே “மேனேஜர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்” என்று படித்தால், கேட்பவர் மனதில் சாவிக்கார ஆள் கல்லாவில் கைவைக்கும் காட்சி ஓடும். ‘மேலாளர்’ என்று தமிழாக்கினாலும் அதே கதைதான்.

அதனால் தொடங்கும்போதே இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி இப்படிச் சொல்லிவிடுவேன்: “இந்தத் தாளில் மேனேஜர் என்று இருப்பது இந்த நிறுவனம்தான். நான் ‘நடத்தும் நிறுவனம்’ என்று சொல்லப்போகிறேன். ஓனர் என்று இருப்பதை ‘உரிமையாளர்’ என்பேன், அது நீங்கள்.” அப்புறம் கடைசிவரை அதே சொற்கள்தான். பேச்சு வேகத்தில் ‘உரிமையாளர்’ என்பதை ‘நீங்கள்’ என்று மாற்றத் தோன்றும். ஆனால் நடுவில் நிறுவனத்தின் பிரதிநிதி பேசி, அதையும் நீங்கள் மொழிபெயர்த்து, அந்த ‘நீங்கள்’ யாரைக் குறிக்கிறது என்று குழம்பிய மேசைகளை நான் பார்த்திருக்கிறேன். தாளில் இருப்பது படர்க்கை என்றால் வாயிலும் படர்க்கையே இருக்கட்டும்.

இன்னொன்று, தலைப்பெழுத்து. ஆங்கில ஒப்பந்தத்தில் ஒரு சொல்லின் முதல் எழுத்து பெரிதாக இருந்தால், அதற்கு வரையறைப் பிரிவில் தனிப் பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அப்படி இருந்திருந்தாலும் காதுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே அந்தச் சொல் முதன்முதலாக வரும்போது, “மொத்த வரவு, இது ஒப்பந்தம் வரையறுத்த சொல்” என்று வாயால் ஒருமுறை அடையாளம் வைத்துவிடுங்கள். தாளில் உள்ள தகவலைத்தான் சொல்கிறீர்கள், புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அடுத்த முறையிலிருந்து ‘மொத்த வரவு’ மட்டும் போதும். ஆனால் நடுவில் அதை ‘வருமானம்’ என்றோ ‘கலெக்‌ஷன்’ என்றோ மாற்றக்கூடாது. கேட்பவர் அது வேறு ஏதோ பணம் என்று நினைத்துக்கொள்வார்.

‘வருமானம்’ என்ற சொல்லை நான் இந்தப் பிரிவில் தொடுவதே இல்லை. நம் பேச்சில் அது கைக்கு வந்த மொத்தத்தையும் குறிக்கும், செலவு போக நின்றதையும் குறிக்கும். வந்த பணத்துக்கு ‘வரவு’ என்றும், செலவு போக நிற்பதற்கு ‘லாபம்’ என்றும் சொல்லி, லாபம் எது என்பதைத் தெளிவாகப் பிரித்துக்காட்டினால் பாதி வேலை முடிந்தது.

தாளில் கோடு போடுவது

இப்போது பிரிவுக்கு வருவோம். இந்த வகை ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் பாணியில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எண் 7.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இது ஒரே ஒரு வாக்கியம், நடுவில் முற்றுப்புள்ளி கிடையாது. ஆங்கிலத்தில் வரும் வரிசையிலேயே துண்டுகளாக்கினால் இப்படி இருக்கும்:

1. பிரிவு 7.5-க்கு உட்பட்டு,
2. அந்த மாதம் இயக்க நஷ்டம் ஏற்பட்டிருந்தபோதிலும்,
3. உரிமையாளர் மேனேஜருக்குச் செலுத்த வேண்டும்:
4. மொத்த வரவில் 5 சதவீதம் அடிப்படைக் கட்டணம்,
5. மொத்த இயக்க லாபத்தில் 10 சதவீதம் ஊக்கக் கட்டணம்,
6. இவற்றை மேனேஜர் அடுத்த மாதம் 7-ஆம் தேதி அல்லது அதற்கு முன், உரிமையாளருக்கு எதையும் அனுப்பும் முன்பாக, இயக்கக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வது,
7. எனினும் உரிமையாளருக்கு அனுப்ப வேண்டிய தொகையிலிருந்து, நடைமுறை மூலதனத்தைக் குறையாமல் வைத்திருக்கத் தேவையான தொகையை மேனேஜர் தன் நியாயமான விருப்புரிமைப்படி நிறுத்திவைக்கலாம்,
8. குறைவு ஏதும் இருந்தால் அறிவிப்பிலிருந்து 10 நாட்களுக்குள் உரிமையாளர் அதை ஈடு செய்ய வேண்டும்.

பென்சிலை எடுங்கள். மூலத் தாளில் எழுதக்கூடாது, நகலில்தான். நான் போடும் குறிகள் நான்கே நான்கு. வாக்கியத்தை வெட்டும் இடத்தில் சாய்கோடு. வரையறுத்த சொல்லைச் சுற்றிப் பெட்டி. எண், சதவீதம், தேதி எல்லாவற்றுக்கும் அடிக்கோடு. ‘ஷால்’, ‘மே’ ஆகிய இரண்டு சொற்களையும் சுற்றி வட்டம்.

வட்டம் எதற்கு என்றால், ‘ஷால்’ கட்டாயம், ‘மே’ அனுமதி. தமிழில் முறையே ‘வேண்டும்’, ‘லாம்’. இது யாருக்கும் தெரியும். ஆனால் வேகமாகச் சொல்லும்போது நம் வாய் இரண்டையும் விட்டுவிட்டு எதிர்காலத்துக்கு நழுவும்: “உரிமையாளர் செலுத்துவார்”, “நிறுவனம் நிறுத்திவைக்கும்”. கட்டாயமும் அனுமதியும் சேர்ந்து வெறும் செய்தியாகிவிடும். ஏழாம் துண்டில் ‘நிறுத்திவைக்கலாம்’ என்பது ‘நிறுத்திவைக்கும்’ ஆனால், ஒவ்வொரு மாதமும் பணம் பிடிப்பார்கள் என்று உரிமையாளர் நினைப்பார். வட்டம் கண்ணில் பட்டால் வாய் நிற்கும்.

முதல் இரண்டு துண்டுகளின் தொடக்கச் சொற்களையும் பாருங்கள். ஒன்று ‘சப்ஜெக்ட் டு’, மற்றொன்று ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. இரண்டும் எதிர்த் திசையில் இழுப்பவை. முதலாவது வந்தால், அது சுட்டும் பிரிவு ஜெயிக்கும். அதாவது 7.2-உம் 7.5-உம் மோதினால் 7.5 சொல்வதுதான் செல்லும். இரண்டாவது வந்தால், அது சுட்டுவது தோற்கும். நஷ்டம் வந்தது என்ற காரணம் இங்கே எடுபடாது. புதியவர்கள் இரண்டையும் “அதன்படி” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். ‘உட்பட்டது’ என்றும், ‘வந்திருந்தாலும்’ என்றும் பிரித்துச் சொல்வது சுலபம்தான். எது ஜெயிக்கிறது என்று சொல்பவருக்குத் தெரிந்திருந்தால் குரலே சரியாக விழும்.

7.5 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்தப் பிரிவைப் புரட்டிப் படித்துவிடுங்கள். அதில், கெஸ்ட் ஹவுஸ் பழுதுபார்ப்புக்காக 30 நாளுக்கு மேல் மூடியிருந்தால் அந்தக் காலத்துக்கு அடிப்படைக் கட்டணம் இல்லை என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளருக்குச் சாதகமான வரி. 7.2-ஐ மட்டும் சொல்லிவிட்டு எழுந்தால் அது அவர் காதுக்கே போகாது. அதனால் 7.2 முடிந்ததும் 7.5-ஐயும் படிக்கட்டுமா என்று இரு தரப்பையும் கேளுங்கள்.

வெட்டிச் சொல்வது

ஆங்கிலம் வினையை முன்னால் போட்டுவிட்டு நிபந்தனைகளைப் பின்னால் வால் போலத் தொங்கவிடும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். எட்டுத் துண்டையும் ஒரே தமிழ் வாக்கியமாக்க முயன்றால், ‘உரிமையாளர்’ என்று ஆரம்பித்து அவர் என்ன செய்ய வேண்டும் என்பது மூச்சு முட்டும்போதுதான் வரும். அதற்குள் கேட்பவருக்கு ‘உரிமையாளர்’ மறந்து போயிருக்கும். ஆகவே வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, அதைச் செய்பவர் யார் என்பது வாக்கியத்தின் ஆரம்பத்திலேயே.

செய்பவரைச் சொல்வது இங்கே ரொம்ப அவசியம். ஆறாம் துண்டில், கட்டணத்தை உரிமையாளர் எடுத்துக்கொடுக்கப் போவதில்லை, நிறுவனமே எடுத்துக்கொள்ளும். எழுத்துத் தமிழ்ப் பழக்கத்தில் “கட்டணங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படும்” என்று சொல்லிவிட்டால் எடுப்பது யார் என்பது மறைந்துவிடுகிறது. தாளில் ‘மேனேஜரால்’ என்று தெளிவாக இருக்கும்போது அதை மறைக்கும் உரிமை நமக்கு இல்லை.

வெட்டுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. “நஷ்டம் வந்திருந்தாலும்” என்பது நான்காம் துண்டுக்கும் ஐந்தாம் துண்டுக்கும் சேர்த்துச் சொன்னது. “நஷ்டம் வந்திருந்தாலும் அடிப்படைக் கட்டணம் தர வேண்டும். ஊக்கக் கட்டணம் பத்து சதவீதம்” என்று வெட்டினால், நிபந்தனை முதலாவதற்கு மட்டும்தான் என்று காது எடுத்துக்கொள்ளும். இதற்கு வழி, முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுவது: “இரண்டு கட்டணங்கள் தர வேண்டும்.” நிபந்தனை ‘இரண்டு’ மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

இதெல்லாம் சேர்ந்து, நான் சொல்லும்போது இப்படி வரும்:

“பிரிவு ஏழு புள்ளி இரண்டு. இது பிரிவு ஏழு புள்ளி ஐந்துக்கு உட்பட்டது. அந்த மாதம் இயக்க நஷ்டம் வந்திருந்தாலும், உரிமையாளர் நடத்தும் நிறுவனத்துக்கு இரண்டு கட்டணங்கள் தர வேண்டும். ஒன்று, அடிப்படைக் கட்டணம். மொத்த வரவில் ஐந்து சதவீதம். மொத்த வரவு என்பது வரையறுத்த சொல். இரண்டு, ஊக்கக் கட்டணம். மொத்த இயக்க லாபத்தில் பத்து சதவீதம். இதுவும் வரையறுத்த சொல். இந்த இரண்டு கட்டணங்களையும் நடத்தும் நிறுவனம் இயக்கக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும். அடுத்த மாதம் ஏழாம் தேதி அல்லது அதற்கு முன் கழித்துக்கொள்ளும். உரிமையாளருக்கு எந்தத் தொகையும் அனுப்பும் முன்பே கழித்துக்கொள்ளும். ஆனால், உரிமையாளருக்கு அனுப்ப வேண்டிய தொகையிலிருந்து, நடைமுறை மூலதனம் குறையாமல் இருக்கத் தேவையான அளவை நடத்தும் நிறுவனம் நிறுத்திவைக்கலாம். நியாயமான முறையில் தானே முடிவு செய்து நிறுத்திவைக்கலாம். குறைவு ஏற்பட்டால், அறிவிப்பிலிருந்து பத்து நாட்களுக்குள் உரிமையாளர் அதை ஈடு செய்ய வேண்டும்.”

‘கழித்துக்கொள்ளும்’ மூன்று முறை வருகிறது, எழுத்தில் பார்த்தால் நன்றாக இருக்காது. ஆனால் காது திரும்பிப் படிக்க முடியாது. எழுத்தில் அசிங்கமாகத் தெரிவது காதுக்குக் கைப்பிடி.

கடைசி வாக்கியத்தில் ‘அறிவிப்பிலிருந்து’ என்று மொட்டையாக விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். “அறிவிப்பு கிடைத்த பத்து நாளுக்குள்” என்றுதான் நம் வாய்க்கு வரும். ஆனால் மூலத்தில் அனுப்பிய நாளா, கிடைத்த நாளா என்று சொல்லவில்லை. தமிழுக்கு இயல்பாக வருகிறதே என்று ‘கிடைத்த’ என்ற சொல்லைப் போட்டால், ஒப்பந்தம் தீர்க்காத ஒன்றை நாம் தீர்த்துவைத்துவிட்டோம். மங்கலாக இருப்பதை மங்கலாகவே சொல்ல வேண்டும். உரிமையாளர், “எந்த நாளிலிருந்து?” என்று கேட்டால் கேள்வியைப் பிரதிநிதியிடம் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அறிவிப்புகளுக்கென்று தனிப் பிரிவு பின்னால் இருக்கும், அவரே அதைக் காட்டுவார்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டமும் நிறுத்தமுமாகப் போவதைவிட மெதுவாக ஒரே சீராகப் போவது நல்லது. வாய் ஒரு துண்டைச் சொல்லும்போது கண் அடுத்த சாய்கோட்டுக்குப் போயிருக்க வேண்டும். தவறிவிட்டால் சத்தமாகத் திருத்துங்கள்: “திருத்தம். லாபத்தில் அல்ல, வரவில் ஐந்து சதவீதம்.” பூசி மெழுகினால் முதலில் சொன்னதுதான் கேட்பவர் மனதில் நிற்கும். எண்களை வாயால் சொன்னதோடு விடாமல், ஒரு தாளில் 5, 10, 7, 10 என்று எழுதி அவர் முன் நகர்த்துவது என் வழக்கம். இந்தப் பிரிவில் பத்து இரண்டு முறை வருகிறது, ஒன்று சதவீதம், ஒன்று நாள். அதையும் பக்கத்தில் எழுதிவிடுவேன்.

அந்த ‘லாபம்’ எது?

இதை மொழிபெயர்ப்பவர் தன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மேசையில் சொல்வதற்கு அல்ல, எந்தச் சொல் எவ்வளவு பணத்தைத் தூக்குகிறது என்று தெரிந்துகொள்வதற்கு.

ஹோட்டல் கணக்கில் கிராஸ் ஆபரேட்டிங் ப்ராஃபிட், அதாவது மொத்த இயக்க லாபம் என்பது, வரவிலிருந்து வீட்டை அன்றாடம் நடத்தும் செலவுகளைக் கழித்தால் வருவது. சம்பளம், சலவை, மின்சாரம், முன்பதிவுத் தளங்களுக்குத் தரும் கமிஷன், பராமரிப்பு, விளம்பரம் எல்லாம் அதில் போய்விடும். நடத்துபவருக்கான கட்டணம், வீட்டு வரி, இன்சூரன்ஸ், கடன் வட்டி, தேய்மானம் ஆகியவை அதற்குக் கீழேதான் வரும்.

ஒரு மாதம் வரவு 100 என்று வைப்போம். நடத்தும் செலவு 70. இயக்க லாபம் 30. அடிப்படைக் கட்டணம் 100-இல் 5 சதவீதம், அதாவது 5. ஊக்கக் கட்டணம் 30-இல் 10 சதவீதம், அதாவது 3. ஆக நிறுவனத்துக்கு 8. உரிமையாளருக்கு மிச்சம் 22. அதில் வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் 6, வட்டிக்கு 12 கட்டினால், கையில் நிற்பது 4.

அந்த அம்மா நினைத்த லாபத்தில் கணக்குப் போட்டால்? 30-இல் அடிப்படைக் கட்டணம் 5, வரி-இன்சூரன்ஸ் 6, வட்டி 12 போக நிற்பது 7. அதில் பத்து சதவீதம் 0.7. அவர் கையில் 6.3 நிற்கும். ‘லாபம்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், 4-க்கும் 6.3-க்கும் உள்ள தூரம் அதுதான்.

மோசமான மாதமும் பார்ப்போம். வரவு 40, செலவு 46. இயக்க லாபம் என்று எதுவும் இல்லை, 6 நஷ்டம். ஊக்கக் கட்டணம் கிடையாது, ஏனென்றால் எடுக்க லாபமே இல்லை. ஆனால் வரவு வந்திருக்கிறதே, அதில் 5 சதவீதம், 2 கட்டியாக வேண்டும். இரண்டாம் துண்டின் வேலை இதுதான். கணக்கில் இப்போது 8 குறைகிறது. அன்றாடச் செலவுக்கென்று நடைமுறை மூலதனமாக வைத்திருக்கும் பணம் அந்த அளவு குறைந்தால், எட்டாம் துண்டு எழுந்து நிற்கும்: உரிமையாளர் பத்து நாளில் 8 கொண்டுவர வேண்டும். பணம் தன் பக்கம் வரும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு, பணம் தன்னிடமிருந்து போகவும் வழி இருக்கிறது என்பது இந்த வரியில்தான் இருக்கிறது. பிரிவின் கடைசி, வாக்கியத்தின் வால், சொல்பவர் களைத்துப்போகும் இடம். அங்கே குரல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரையறைப் பிரிவில் கண் வைக்க வேண்டிய ஒரு சொல் ‘அட்ஜஸ்டட்’. அது லாபத்துக்கு முன்னால் ஒட்டியிருந்தால், வழக்கமாக அடிப்படைக் கட்டணத்தைக் கழித்த பிறகுதான் ஊக்கக் கட்டணத்தைக் கணக்கிடுவார்கள். நம் உதாரணத்தில் 30-க்குப் பதில் 25, ஊக்கக் கட்டணம் 3-க்குப் பதில் 2.5. ‘திருத்திய இயக்க லாபம்’ என்று அந்த அடைமொழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நீளமாக இருக்கிறதே என்று விடக்கூடாது. வேறு சில செலவுகளையும் கழிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு, எனவே வரையறையைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

சில ஒப்பந்தங்கள் வரையறையே எழுதாமல், ‘யூனிஃபார்ம் சிஸ்டம் ஆஃப் அக்கவுண்ட்ஸ்’ சொல்கிறபடி என்று விட்டுவிடும். 1926-இல் நியூயார்க் நகர ஹோட்டல் சங்கம் முதலில் வெளியிட்டு, இன்றுவரை புதுப்பித்துப் பயன்படுத்தப்படும் ஹோட்டல் கணக்கு முறை அது. அப்படி இருந்தால் வரையறை உங்கள் கையில் உள்ள தாளில் இல்லை. “லாபத்தின் வரையறை வேறொரு கணக்குப் புத்தகத்தில் இருப்பதாக இங்கே எழுதியிருக்கிறது” என்று இருப்பதை அப்படியே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை வைத்து அந்த இடத்தை நிரப்ப வேண்டாம்.

அன்றைக்கு அந்த அம்மா கேட்டதும் நான் செய்தது இதுதான். அவருக்கு நானே பதில் சொல்லவில்லை. “திருத்தம்” என்று சொல்லி, ‘மொத்த இயக்க லாபம்’ என்று முழுச் சொல்லையும் சொன்னேன். பிரதிநிதியிடம் ஆங்கிலத்தில், நான் அந்தச் சொல்லைக் குறைத்துச் சொல்லிவிட்டேன், வட்டி போகவா என்று உரிமையாளர் கேட்கிறார், வரையறையைப் படிக்க அனுமதி வேண்டும் என்றேன். ஏழாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்குப் புரட்டி, கழிக்கும் செலவுகளின் பட்டியலையும், கழிக்காதவற்றின் பட்டியலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வட்டி இரண்டாம் பட்டியலில் இருந்தது. அவர் ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “அப்ப நான் நஷ்டத்துல இருந்தாலும் இவங்களுக்கு லாபம்னு கணக்கு வருமா?” என்றார். அதையும் ஒரு வார்த்தை மாறாமல் எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். வரும் என்று பிரதிநிதி ஒத்துக்கொண்டார்.

“நீங்க என்ன சொல்றீங்க, தம்பி?”

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். மேசையில் அவர் மொழி பேசுபவர் நீங்கள் ஒருவர்தான், நம்பிக்கை தானாக உங்கள் பக்கம் சாயும். கட்டணம் அதிகமா, கையெழுத்துப் போடலாமா என்று கேட்பார். “படித்துச் சொல்வதுதான் என் வேலை, அம்மா. இதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் வக்கீல். அவரைக் கேட்டுவிட்டு வர நேரம் வேண்டுமென்றால், நீங்கள் சொல்வதை அவர்களிடம் சொல்கிறேன்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். சொல்லும்போதே இதைப் பிரதிநிதிக்கும் மொழிபெயர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் இருவரும் தனியாக ஏதோ ஆலோசித்ததாக அவருக்குப் படும்.

கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னாலும் இதே பாதைதான். மேலே நான் போட்ட 100-இன் கணக்கை மேசையில் போடாதீர்கள். “ஒரு மாதத்துக்கு உதாரணக் கணக்குக் காட்ட முடியுமா என்று கேட்கிறார்” என்று பிரதிநிதியிடம் சொல்லுங்கள். அவர் போடுவார், நீங்கள் மொழிபெயர்ப்பீர்கள். பின்னால் தகராறு வந்தால், அந்தக் கணக்குக்குப் பொறுப்பு அவர்.

தலையாட்டலை நம்பாதீர்கள். புரியாத இடத்தில்தான் ஆட்கள் வேகமாகத் தலையாட்டுவார்கள். நிறுத்திக் கேட்டால் நல்ல அறிகுறி. ஒரு கேள்விகூட இல்லாமல் கட்டணப் பிரிவு கடந்துவிட்டால், நீங்கள் அதை உரையாக வாசித்திருக்கிறீர்களோ என்று சந்தேகப்படலாம். அப்போது, “இந்தப் பிரிவை இன்னொருமுறை மெதுவாகச் சொல்லவா?” என்று இரு தரப்பையும் கேட்பதில் தவறில்லை.

கையெழுத்துப் பக்கம்

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், இதன் உள்ளடக்கம் உரிமையாளருக்கு அவர் மொழியில் படித்துச் சொல்லப்பட்டது, அவர் புரிந்துகொண்டார் என்று ஒரு வரி இருந்து, அதன் கீழே உங்களையும் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவசரப்பட்டுப் போடாதீர்கள். அந்த வரியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. படித்துச் சொன்னது உங்களுக்குத் தெரியும். அவர் புரிந்துகொண்டாரா என்பது உங்களுக்குத் தெரியாது, அதற்குச் சாட்சி சொல்ல உங்களால் முடியாது. படித்ததும் முழு ஒப்பந்தமா, சில பிரிவுகள் மட்டுமா?

நான் கேட்டு மாற்றி எழுதவைக்கும் வரி இது: “பிரிவு 1, 7.2, 7.5 ஆகியவற்றை இந்தத் தேதியில் உரிமையாளருக்குத் தமிழில் வாய்மொழியாகப் படித்துச் சொன்னேன்.” எண்களும் தேதியும் மட்டும். மாற்றித் தர மறுத்தால் கையெழுத்துப் போடாமல் வந்திருக்கிறேன். இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது, கூலி மட்டும் வந்துவிட்டது.

அமர்வை ஒலிப்பதிவு செய்யலாமா என்று யாராவது கேட்டால், இரு தரப்பும் வாய்விட்டுச் சம்மதித்த பிறகே. அந்தச் சம்மதம் பதிவின் தொடக்கத்தில் கேட்க வேண்டும். முடிந்ததும், நீங்கள் கோடுபோட்ட நகலை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் வீட்டுக் கணக்கு அது, உங்கள் பைக்குள் இருக்கக்கூடாது. நான் பென்சிலால்தான் எழுதுகிறேன் என்பதால், கொடுக்கும் முன் அழித்துவிட்டுக் கொடுப்பேன். அந்த அம்மா மட்டும் அழிக்க விடவில்லை. ‘மொத்த இயக்க லாபம்’ என்று நான் போட்டிருந்த பெட்டியை வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று தாளை அப்படியே மடித்து வைத்துக்கொண்டார்.